நிருபருக்கு எழுதும் மின்னஞ்சல்: முதல் இரண்டு வரிகள்

நமது சங்கங்கள் பலவற்றில் ஒரு மனக்குறை உண்டு. "எவ்வளவோ நல்ல காரியம் செய்கிறோம், பத்திரிகைக்கும் எழுதுகிறோம், ஒரு வரி கூட வருவதில்லை" என்று காரியதரிசிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்திரிகைக்காரர்களுக்குக் கிராமத்தின்மீது அக்கறை இல்லை என்று சிலரும், சிபாரிசு இருந்தால்தான் செய்தி வரும் என்று சிலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அனுப்பிய கடிதத்தை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. சொல்லத்தக்க விஷயம் அதில் இருக்கிறது; ஆனால் நான்காவது பத்தியில் இருக்கிறது. அதுவரை படிக்க நிருபருக்கு நேரம் இல்லை.

சென்ற ஆண்டுக் குற்றாலச் சீசனின்போது கடையநல்லூர்ப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு வேறோர் அலுவலாகச் சென்றிருந்தேன். அங்கே காரியதரிசியும் நானும் அமர்ந்து இத்தகைய மின்னஞ்சல் ஒன்றைத் திருத்தி எழுதினோம். அதைப் படிப்படியாக இங்கே எடுத்துரைப்பது மற்றச் சங்கத்தாருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில் சங்கத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சு மாதக் கையிருப்புக் கணக்கின்படி 4,200 துண்டுகள் விற்காமல் அறையில் தேங்கியிருந்தன. வழக்கமாக வாங்கும் வியாபாரிகள், "துண்டு மெல்லிதாக இருக்கிறது, இப்பொழுது ஜனங்கள் தடித்த டர்க்கித் துண்டைத்தான் கேட்கிறார்கள்" என்று கூறி ஒதுக்கிவிட்டனர். சரக்கு நகராததால் இரண்டு மாதக் கூலி நிலுவையில் நின்றது. வங்கியில் வாங்கிய காசுக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மே மாதம் கூடிய பொதுக்குழு, குற்றாலத்தில் சீசன் முழுவதும் ஒரு சிறு கடை போடுவது என்றும், நெய்கிற அங்கத்தினர்களே முறை வைத்து அதில் அமர்வது என்றும் தீர்மானித்தது. ஜூன் 15-ஆம் தேதி கடை தொடங்கிற்று. ஜூலை நடுவில் இந்த மின்னஞ்சல் எழுதப்பட்டது. சாரல் நின்றுவிட்டால் கூட்டமும் நின்றுவிடும். ஆகஸ்டு கடப்பதற்குள் செய்தி வந்தால்தான் உண்டு.

காரியதரிசி எழுதி வைத்திருந்த முதற்படி இவ்வாறு தொடங்கியது:

பொருள்: கைத்தறித் துண்டு விற்பனை நிலையம் துவக்கம் – செய்தி வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் சங்கம் பல்லாண்டுகளாக 86 அங்கத்தினர்களுடன் இவ்வட்டாரத்தில் சிறப்பாக இயங்கி வருவதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு மற்றும் பொதுக்குழுத் தீர்மானங்களின்படி…

இதில் ஒரு பிழையும் இல்லை. அலுவலகத்திற்கு எழுதும் மனுவாக இருந்தால் இதுவே முறை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாக வைத்து, சங்கத்தின் தகுதியைச் சொல்லி, தீர்மானத்தைச் சொல்லி, கடைசியில் வேண்டுகோளை வைக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். மனுவைப் பெறும் அதிகாரி அதை முழுவதும் படித்தே ஆகவேண்டும். அது அவர் கடமை. நிருபருக்கு அந்தக் கடமை இல்லை. மனு ஒன்றைக் கோருகிறது. நிருபருக்கு எழுதும் மின்னஞ்சலோ ஒன்றைக் கொடுக்க முன்வருகிறது. கொடுப்பது இன்னதென்று முதலிலேயே காட்டாவிட்டால் பெறுகிறவர் கை நீட்டமாட்டார்.

நிருபர் அதை எங்கே, எவ்வாறு பார்க்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கைபேசியில் பார்க்கிறார்; அதுவும் ஒரு கூட்டத்திற்கும் இன்னொரு கூட்டத்திற்கும் இடையில் பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ நின்றுகொண்டு பார்க்கிறார். திறக்குமுன் அவர் கண்ணில் படுவது பொருள் வரியில் நாலைந்து சொற்களும், அதன்கீழ்க் கடிதத்தின் முதல் வரியில் ஒரு துண்டும் மட்டுமே. மேற்கண்ட கடிதத்தில் அவருக்குத் தெரிவது, "கைத்தறித் துண்டு விற்பனை நிலையம்" என்பதும், "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் சங்கம்" என்பதுந்தான். இதனால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. நிருபர் விரும்பிவிட்டால் மட்டும் செய்தி வந்துவிடாது. அவர் திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருக்கும் செய்திப் பிரிவுக்குத் தொலைபேசியில் ஒரே மூச்சில் அதைச் சொல்லி, "சரி, எழுது" என்ற பதிலைப் பெறவேண்டும். அங்கே கேட்கிறவர் ஒரு கேள்விதான் கேட்பார்: "இதில் என்ன விசேஷம்?" அந்தக் கேள்விக்குரிய பதிலை நிருபரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டால், பத்தில் ஒன்பது முறை அவர் தேடமாட்டார். நாம் எழுதும் முதல் இரண்டு வரி, அவர் அப்படியே வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதிலாக அமைய வேண்டும். இரண்டு வரி என்று அளவு வைப்பதன் காரணம் இதுவே.

இதைக் காரியதரிசியிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு தாளை எடுத்து இரண்டாம் படியை எழுதினார்:

அழிந்து வரும் கைத்தறித் தொழிலைக் காப்பதற்காக எங்கள் சங்கம் குற்றாலத்தில் துண்டுக் கடை திறந்துள்ளது. பொதுமக்கள் கைத்தறிக்கு ஆதரவளிக்க வேண்டும்.

இரண்டு வரி என்ற கட்டளை நிறைவேறிவிட்டது. செய்தி மட்டும் வரவில்லை. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். வளவளவென்று எழுதியதைச் சுருக்குவது வேறு, அதில் உள்ள கதையை எடுத்து முன்னே வைப்பது வேறு. இந்த இரண்டு வரியையும் சோதிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஊரின் பெயரை மாற்றிப் பாருங்கள். குற்றாலத்தை நீக்கிவிட்டுக் கொடைக்கானல் என்றோ இராமேசுவரம் என்றோ போட்டால் வாக்கியம் பழுதின்றி நிற்கிறது. துண்டை நீக்கிப் பாய் என்று போட்டாலும் நிற்கிறது. எந்தச் சங்கத்திற்கும் பொருந்துகிற வரி எந்தச் சங்கத்தின் செய்தியும் ஆகாது. கைத்தறி காக்கப்பட வேண்டும் என்பது நம்முடைய கொள்கை. அது நேற்றும் உண்மை, நாளையும் உண்மை. நேற்று இல்லாமல் இன்று நேர்ந்தது எது என்பதைத்தான் பத்திரிகை கேட்கிறது.

நமது மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தென்காசிக்கு அருகில் உள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகம் தொடங்கியது. "சென்னை நிறுவனம் ஒன்று தென்காசிப் பக்கம் கிளை திறந்தது" என்று சொன்னால் அது நாள்தோறும் எங்கோ நடப்பதுதான். உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிக்கு மேல் இடம் பெறாது. ஆனால், "வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதிலளிக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் மென்பொருள், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் ஒரு கிராமத்தில் உருவாகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அதே அலுவலகந்தான், அதே மனிதர்கள்தாம். ஆயினும் பின்னதைக் கேட்டவுடன், "அது எப்படி?" என்று கேட்கத் தோன்றுகிறது. அந்நிறுவனத்தைப் பற்றி வடநாட்டுப் பத்திரிகைகளும் பிறநாட்டுப் பத்திரிகைகளும் எழுதியபோது பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான் எழுதின. ஒன்றோடொன்று சேராது என்று நாம் நினைத்திருக்கும் இரண்டு பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதே கோணம். ஊரை மாற்றினால் அந்த வாக்கியம் கெட்டுவிடும் என்பதையும் கவனிக்க.

ஆகவே காரியதரிசியிடம் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடையில் நடந்ததைப் பேசச் சொன்னேன். அன்று கடையில் முறை முடித்துத் திரும்பியிருந்த மூத்த நெசவாளர் அம்மையார் ஒருவரும் உடனிருந்தார். மூன்று கேள்விகள் கேட்டேன். கடை போட்டபின் நீங்கள் எதிர்பாராதது என்ன? அது ஏன் குற்றாலத்தில் நடக்கிறது, வேறு ஊரில் நடக்கவில்லை? வருகிற நிருபர் தம் கண்ணால் பார்க்கத்தக்கது என்ன?

முதற் கேள்விக்கு அம்மையார்தாம் பதில் சொன்னார். "ஐயா, மெல்லிசு மெல்லிசு என்று வியாபாரிகள் தள்ளினார்களே, அந்த மெல்லிசுக்காகத்தான் இங்கே வாங்குகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறார்கள். சாரலில் டர்க்கித் துண்டு காய்கிறதே இல்லை. நம் துண்டு காய்ந்துவிடுகிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி முதல் நாள் ஒன்று வாங்கினார். மறுநாள் வந்து ஆறு வாங்கிக்கொண்டு போனார்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக எழுந்து போய்விட்டார். சங்கத்தாருக்கு அது தினமும் பார்க்கிற காரியம். அதனால் கடிதத்தில் அதற்கு இடமே இல்லாமற்போயிற்று. கதை பெரும்பாலும் இவ்வாறே நமது பழக்கத்தினுள் ஒளிந்துகொண்டிருக்கும். எந்தக் குறையைச் சொல்லி வியாபாரிகள் தள்ளினார்களோ, அந்தக் குறையே குற்றாலத்தில் குணமாகிவிட்டது. டர்க்கித் துண்டில் நூல் வளையங்கள் நெருங்கி நிற்பதால் அது நிறைய நீரைக் குடிக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த சாரற் காலத்தில் அந்த நீர் வெளியேற நெடுநேரம் செல்கிறது. சாதா நெசவில் மெல்லிதாக இருக்கும் துண்டு குறைந்த நீரையே பிடிக்கிறது. இருபுறமும் காற்றுப் படுகிறது. இக்காரணத்தால் இந்தக் கதை குற்றாலத்திற்கே உரியதாகிறது. ஊரை மாற்றினால் வாக்கியம் உடனே உடைந்துபோகும்.

இனி மூன்றாம் படிக்கு வந்தோம். காரியதரிசி உற்சாகத்துடன் எழுதினார்:

குற்றாலச் சாரலில் டர்க்கித் துண்டு இரண்டு நாளானாலும் காய்வதில்லை. எங்கள் கைத்தறித் துண்டு சில மணி நேரத்தில் காய்கிறது. குற்றால வரலாற்றில் முதன்முறையாக நெசவாளர்களே கடை போட்டு 2,000 துண்டுகள் விற்றுள்ளனர்.

கோணம் கிடைத்துவிட்டது. ஆனால் இதை இப்படியே அனுப்பியிருந்தால் பின்னர் சங்கடம் நேர்ந்திருக்கும். இதில் மூன்று இடங்கள் ஆதாரமின்றி நின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இரண்டு நாளானாலும் என்று யார் பார்த்தது?" என்றேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைக் கயிற்றில் இரண்டு துண்டுகளையும் நனைத்துப் பிழிந்து பக்கத்தில் பக்கத்தில் போடச் செய்தோம். சாரல் விட்டு விட்டுத் தூறிற்று. பிற்பகல் மூன்று மணிக்குக் கைத்தறித் துண்டு காய்ந்திருந்தது. டர்க்கித் துண்டு அதற்கடுத்த நாள் காலையிலும் கையில் ஈரம் தட்டியது. இரண்டு நாள் என்பது போய், மறுநாள் காலை என்பது வந்தது. சொல்லின் வேகம் சிறிது குறைந்தது. நிருபர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று கிடைத்தது. என் மூன்றாவது கேள்விக்கும் அதுவே பதிலாயிற்று.

"2,000 எங்கிருந்து வந்தது?" என்றேன். கடைக்கு அனுப்பிய துண்டுகளின் எண்ணிக்கை அது. விற்பனைப் பதிவேட்டின்படி முதல் 30 நாட்களில் விற்றவை 1,150. மீதம் 850 கடையிலேயே இருந்தன. அனுப்பியதும் விற்றதும் ஒன்றல்ல என்பதை நான் ஆய்வாளன் என்ற முறையில் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைக்கு எழுதும் எண், பதிவேட்டில் விரல் வைத்துக் காட்டக்கூடிய எண்ணாக இருக்கவேண்டும். நிருபர் பதிவேட்டைக் கேட்டாலும் கேட்பார். ஒரு முறை எண் தவறினால் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அவர் நம் கடிதத்தைத் திறக்கமாட்டார்.

"வரலாற்றில் முதன்முறை" என்பதற்கு ஆதாரமே கிடையாது. நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் முன்னமே செய்திருக்கலாம். அதை எடுத்துவிட்டோம், எடுத்ததால் கதை ஒன்றும் குறையவில்லை.

முடிவாக அனுப்பிய மின்னஞ்சல் இதுவே:

பொருள்: சாரலிலும் காயும் துண்டு: குற்றாலத்தில் நெசவாளர் கடை

ஐயா, மெல்லிதாக இருக்கிறதென்று வியாபாரிகள் வாங்க மறுத்த கைத்தறித் துண்டை, சாரலிலும் ஒரே பகலில் காய்கிறதென்று குற்றாலத்தில் குளிக்க வருவோர் தேடி வாங்குகின்றனர். நெய்தவர்களே கடையில் அமர்ந்து 30 நாட்களில் 1,150 துண்டுகள் விற்றிருக்கின்றனர். தேங்கிய 4,200-இல் எஞ்சியதையும் சீசன் முடிவதற்குள் விற்றால்தான் இரண்டு மாதக் கூலி நிலுவை தீரும்.

டர்க்கித் துண்டையும் கைத்தறித் துண்டையும் காலையில் நனைத்துப் போட்டு மாலையில் தொட்டுப் பார்க்கலாம். கடையில் எந்நாளும் செய்து காட்டுவோம். கடையில் முறை வைத்து அமரும் நெசவாளர் மூவர் பேசச் சம்மதித்துள்ளனர். தறிகளைப் பார்க்க விரும்பினால் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். விற்பனைப் பதிவேட்டையும் பார்க்கலாம். இரண்டு படங்கள் இணைத்துள்ளோம். இச்செய்தியைத் தங்களுக்கு மட்டுமே எழுதியுள்ளோம். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நலம்.

இதன்கீழ்க் காரியதரிசியின் பெயரும், அழைத்தால் எடுக்கப்படும் கைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. சங்கம் பதிவான ஆண்டு, அங்கத்தினர் தொகை, தீர்மான எண் ஆகியவை எங்கும் இல்லை. நிருபர் வந்த பிறகு கேட்டால் சொல்லலாம்.

முதல் மூன்று வாக்கியங்களில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். எதிர்பாராதது இருக்கிறது: தள்ளப்பட்ட குறை குணமானது. இடம் இருக்கிறது. மனிதர் இருக்கின்றனர். ஓர் எண் இருக்கிறது. "ஏன் இப்பொழுது?" என்பதற்குச் சீசன் முடிவு என்ற கெடு இருக்கிறது. ஏதேனும் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பதும் இருக்கிறது. கூலி நிலுவையை வெளியில் சொல்வதா என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் தயங்கினார். அவர் தயக்கம் நியாயமானதே. ஆயினும் அந்த நிலுவையை மறைத்தால் கடை வெறும் கடையாகிவிடுகிறது. எதற்காகப் போடப்பட்டது என்பது விளங்காது. அன்றியும், நிருபர் வந்து பத்து நிமிடம் தறியடியில் நின்றால் அவருக்கு அது தானே தெரிந்துவிடும். நாமே சொல்லிவிடுவது மேல் என்று குழு ஒப்புக்கொண்டது.

அனுப்புமுன் கடைசியாக ஒரு சோதனை செய்தோம். சங்கத்தோடு தொடர்பே இல்லாத தேநீர்க் கடைக்காரரிடம் முதல் இரண்டு வாக்கியங்களை ஒரு முறை படித்துக் காட்டித் தாளை எடுத்துக்கொண்டோம். "என்ன விஷயம் என்று சொல்லுங்கள், அண்ணாச்சி" என்று கேட்டோம். "வேண்டாம் என்று தள்ளின துண்டு அருவிக்கரையில் ஓடுகிறதாம், சாரலில் காய்ந்துவிடுமாம்" என்றார் அவர். அது போதும். அவர் "ஏதோ சங்கம் கடை போட்டிருக்கிறதாம்" என்று சொல்லியிருந்தால் மறுபடியும் எழுதத்தான் வேண்டும்.

அனுப்பும் முறையிலும் சில சிறு காரியங்களைக் கவனிக்க வேண்டும். நமது அலுவலகக் கணினிகள் சிலவற்றில் இன்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதே எழுத்துரு பெறுகிறவரிடம் இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, முதலில் தமது கைபேசிக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்வது நலம். வரி எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதும் அப்பொழுது தெரிந்துவிடும். சங்கத்தின் கடிதத்தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டுப் படமெடுத்து இணைப்பாக மட்டும் அனுப்புவதும் கூடாது. இணைப்பைத் திறந்தால்தான் விஷயம் தெரியும் என்றால் முதல் இரண்டு வரி என்பதே இல்லாமற்போகிறது. விஷயம் கடிதத்தின் உடலிலேயே இருக்கவேண்டும். மாலையில் நிருபர்கள் அன்றைய செய்திகளை எழுதி அனுப்பும் அவசரத்தில் இருப்பார்கள்; ஆகவே முற்பகலில் அனுப்புவது நன்று. பத்து நிருபர்களின் முகவரியை ஒரே வரியில் போட்டு அனுப்பினால், மற்றவர் எழுதட்டும் என்று பத்துப் பேரும் விட்டுவிடுவர். ஒருவருக்கு எழுதி, கெடு சொல்லி, அவர் மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அடுத்தவருக்கு எழுதுவதே முறை.

நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாங்கள் முதலில் எழுதிய நிருபரிடமிருந்து பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை தொலைபேசியில் கேட்டோம். வேறு வேலையில் இருப்பதாகச் சொன்னார். வெள்ளி கழிந்தபின் அதே கடிதத்தை வேறொருவருக்கு அனுப்பினோம். அவர் அன்று மாலையே அழைத்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "நனைத்துப் போட்ட துண்டை நான் வந்து தொட்டுப் பார்க்கலாமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "கூலி ஏன் நின்றது?" என்பது. இரண்டுக்கும் சங்கத்தார் ஆயத்தமாக இருந்தனர். செய்தி வந்தபோது தலைப்பு நாங்கள் எழுதியதாக இல்லை. சங்கத்தின் பெயர் கடைசிப் பத்தியில்தான் இருந்தது. தலைவருக்கு அதில் சிறிது வருத்தம். அச்சிடுமுன் காட்டுங்கள் என்று நிருபரைக் கேட்பது முறையன்று. அவர் நம் விளம்பரப் பிரதிநிதி அல்லர். கேட்க வேண்டியது பிழை நேர்ந்தால் திருத்தம் மட்டுமே. இதில் பிழை இல்லை. அந்த வாரம் விற்பனை நன்றாக இருந்தது; அடுத்த வாரம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. நிலைத்த பயன் வேறிடத்திலிருந்து வந்தது. செய்தியைப் பார்த்த தங்கும் விடுதிக்காரர் ஒருவர், தம் அறைகளுக்கு அந்தத் துண்டே வேண்டும் என்று கேட்டு வந்தார்.

கோணம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செய்தி வராத நாட்களும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அத்தகைய நாளில் எந்த நிருபருக்கும் துண்டைப் பற்றி எழுதக்கூடாது; எழுதினால் நம் மதிப்புத்தான் குறையும். சில நாள் பொறுத்து அனுப்புவதே உசிதம்.

விவசாயி அங்கத்தினர்கள் இது நெசவாளர் விஷயம் என்று எண்ண வேண்டாம். புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே விலை இறங்கும்போதெல்லாம், "எலுமிச்சை விலை வீழ்ச்சி; விவசாயிகள் கவலை" என்று எழுதுவது வழக்கம். விலை இறங்குவது ஏதேனும் ஓர் ஆண்டில் எந்தப் பயிருக்கும் நேர்வது. ஊரையும் பயிரையும் மாற்றினாலும் அந்த வரி நிற்கும். ஒரு தோட்டத்தில் பறிகூலியையும் வண்டிக்கூலியையும் கூட்டிப் பார்த்தால் மூட்டைக்குக் கிடைக்கும் விலையைவிட அதிகமாக இருக்கிறது. ஆகவே பழுத்த பழத்தை மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது முதல் வரி, "பறித்தால் நஷ்டம் என்பதால் பழத்தை உதிர விடுகிறோம்" என்பதே. இரண்டாம் வரியில் அந்த ஒரு மூட்டையின் கணக்கை, கையில் உள்ள கமிஷன் கடைச் சீட்டின்படி எழுதவேண்டும். நிருபர் வந்து பார்ப்பதற்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழம் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை எழுத உட்காரும் காரியதரிசிகள், கடிதத்தைத் தொடங்குவதற்கு முன் கடையில், தறியில், தோட்டத்தில் வேலை செய்யும் அங்கத்தினர் ஒருவரை அழைத்து அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். "நாம் எதிர்பாராதது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்; பதிவேட்டை எடுத்து எண்ணைச் சரிபாருங்கள்; ஊரின் பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள். மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வேண்டிய மற்ற விவரங்களை அதன்கீழ் எழுதிக்கொள்ளலாம்.